ஈயத்துக்கு அடியில் கிடந்தவர்

எருமப்பட்டிப் பக்கத்து ஊர்களில் கடலைப் பார்த்தவர்களே குறைவு. லாரி ஓட்டுகிறவர்கள் பார்த்திருப்பார்கள், அதுவும் உப்பு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் வண்டியில் உட்கார்ந்தபடி. அந்த ஊரில் பிறந்த அர்த்தநாரி கடலுக்கு அடியில் போய்ப் படம் வரைந்து சம்பளம் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டபோது அவருடைய பெரியப்பா மகன் சிரித்தே விட்டான். “கெணத்துல முங்குனது பத்தாதுன்னு கடல்ல முங்கப் போயிட்டியா? அங்க என்ன, மோட்டார் கீது உளுந்து கெடக்குதா?”

கிணற்றில்தான் எல்லாம் தொடங்கியது. வானம் பார்த்த அந்தச் செம்மண் காடுகளில் கிணறு என்றால் குளம் மாதிரி இருக்கும். பாறையை வெடித்து இறக்கிய சதுரக் கிணறுகள். அர்த்தநாரிக்கு நடக்கத் தெரிந்ததும் நீந்தத் தெரிந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில். பிறகு படித்து, படம் வரையும் வேலை கற்று, சென்னையில் பழைய கோயில்களை அளந்து வரையும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த அலுவலகத்துக்குத் தண்ணீருக்கு அடியிலும் தேடவேண்டும் என்ற எண்ணம் வந்தது. யாருக்கு நீச்சல் தெரியும் என்று கேட்டார்கள். படம் வரைகிறவர்களில் கையைத் தூக்கியவர் இவர் ஒருவர்தான்.

முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டி மூழ்கக் கற்றுக்கொடுத்தவர் அற்புதராஜ். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து வெளியே வந்தவர், சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். இரண்டு பேரும் அந்தக் காலத்துக் கணக்கில் ஒரே மாவட்டம் என்று தெரிந்ததும் அற்புதராஜ் சொன்னார்: “சின்னதுல ஜங்ஷன் தண்ணித்தொட்டிய விட்டா வேற தண்ணி பாக்காத பய நானு. நீங்க கெணத்துக்காரரு. சரியான ஜோடிதான் போங்க.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து ஆடியில் அர்த்தநாரி விடுப்பில் வந்திருந்தார். பெருக்குக்கு மாமியார் வீட்டில் விருந்து. மனைவி சாரதாமணியின் வீடு நாமக்கல்லில் இருந்தது. அவளுடைய அண்ணன் மணியன் லாரிகளுக்குப் பேட்டரி கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். “சாப்பாடு ஆறிப்போவுது, அண்ணனக் கையோட கூட்டியாங்க” என்று சாரதாமணி அனுப்ப, அர்த்தநாரி கடைக்குப் போனார்.

கடையின் பின்பக்கம் ஈயம் உருக்கும் இடம். பழைய பேட்டரித் தகடுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அடுப்பின் அருகே வேலையாள் உட்காருவதற்கு ஏதோ கனமான கட்டி ஒன்றைப் போட்டிருந்தார்கள். அர்த்தநாரி மணியனைக் கூப்பிட வாயெடுத்தவர் அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

ஓடத்தின் வடிவில் நடு பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கிய ஈயக்கட்டி. மேல்முகத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு அந்நிய எழுத்து, கீழே சக்கரம் போல ஒரு முத்திரை. ஒரு பக்கம் முழுக்கக் கடல்புழு கட்டிய வெள்ளைக் குழல்கள் கொடி மாதிரி பின்னிக் கிடந்தன. அந்தக் கொடியை அவர் வரைந்திருந்தார். பென்சிலைத் தீட்டித் தீட்டி, ஒவ்வொரு வளைவாக. வலது முனையில் ஒரு குழல் உடைந்து கொக்கி மாதிரி வளைந்திருக்கும். குனிந்து பார்த்தார். இருந்தது.

“மச்சான், இது எங்கிருந்துங்க வந்துச்சு?”

மணியன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “வாங்க மாப்ளை. அதா? அது வலைக்குக் கட்டற குண்டாமுங்க. கடக்கரைல இருந்து உப்பு லாரில வருது. பழசு, வேண்டாம்னு போடறாங்களாம்.”

“இத்தாப் பெரிய குண்டக் கட்டினா வலை எங்க மேல வரும்? படகே கீழ போயிருமே.”

“எனக்கென்ன தெரியும், கடலு நீங்க பாத்தது.” மணியன் சிரித்தார். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “ஏனுங்க, வேர்த்துக் கொட்டுது? உள்ள வாங்க, அடுப்புச் சூடு.”

“மிச்சமெல்லாம் எங்கீங்க?”

மணியன் அடுப்பைக் கையால் காட்டினார்.

அன்று விருந்தில் அர்த்தநாரி இலையை வெறுமனே அளைந்துகொண்டிருந்தார். வெளியே சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவர் நிமிர்ந்து பார்த்தார். எந்த லாரியின் பேட்டரியில் எந்தக் கட்டி இருக்கிறதோ. அந்தக் கட்டிகளுக்கு அடியில் ஒரு மனிதர் கிடந்தார் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த மனிதரை அவர் கண்டது நான்கு மாதத்துக்கு முன்பு.

தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அங்கே அஞ்சப்பன் என்று ஒருவர், கட்டுமரத்திலிருந்து நாட்டுப்படகுக்கு மாறியவர். கடலில் ஓரிடத்தில் தன் வலை அடிக்கடி மாட்டிக் கிழிகிறது என்றும், அந்த இடத்தை அப்பா காலத்திலேயே ‘கப்பல் பாறு’, அதாவது கப்பல் கிடக்கிற பாறை, என்று சொல்வார்கள் என்றும் அவர் சொன்னது அலுவலகத்துக்கு எட்டியது. கரையில் கோயில் கோபுரம் ஒரு பனைக்கூட்டத்தின் இடைவெளிக்குள் வரவேண்டும், இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கம் சவுக்குத்தோப்பின் நுனியைத் தொடவேண்டும், இரண்டும் ஒரே சமயம் சேர்ந்தால் அதுதான் இடம் என்று அஞ்சப்பன் படகை நிறுத்திக் காட்டினார். அலுவலகத்தின் அதிகாரி ஜானகியம்மாள் படகில் நின்றபடியே கோணம் அளக்கும் கருவியால் கரையில் மூன்று அடையாளங்களுக்கு இடையே உள்ள கோணங்களை எடுத்தார். அந்த இரண்டு கோணம் போதும், வரைபடத்தில் இடம் வந்து உட்கார்ந்துவிடும். மறுபடி எந்த நாளும் அதே இடத்துக்கு வரலாம்.

அதற்குப் பிறகும் லேசில் கிடைக்கவில்லை. இரண்டு படகுக்கு நடுவே எடை கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டு அடியைத் துழாவிக்கொண்டே போனார்கள். கயிறு மாட்டிய இடத்தில் ஆழம் காட்டும் எதிரொலிக் கருவியை ஓட்டினால், காகிதத்தில் தட்டையாக ஓடிய கோடு ஓரிடத்தில் சின்னதாக முதுகைத் தூக்கியது. அங்கே நங்கூரம் போட்டு அற்புதராஜ் முதலில் இறங்கினார். அடியில் ஒரு முனையைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றுவது, ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றைக் கொஞ்சம் நீட்டி அடுத்த வட்டம். கலங்கல் தண்ணீர், நீட்டிய கையின் விரல்கூடத் தெளிவாகத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் கைதான் கண்டுபிடித்தது. சேறும் மணலுமான அந்த அடியில் உருண்டையான கற்கள். பாய்மரக் கப்பலின் அடிவயிற்றில் நிலைக்காகப் போடும் பாரக்கற்கள். கற்களுக்குப் பக்கத்தில் மரம், மரத்தின் மேல் செப்புத்தகட்டின் மிச்சம், இறுகிப் போன இரும்புப் பீரங்கி ஒன்று.

பங்குனி வரைக்கும் தினமும் இறங்கினார்கள். கப்பலின் முதுகெலும்புக் கட்டை போன திசையில் இரண்டு இரும்பு முளை அடித்து நடுவே அளவு நாடாவை இழுத்துக் கட்டினார்கள். எந்தப் பொருளானாலும் நாடாவிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கவேண்டும். முக்கியமானதாக இருந்தால் இரண்டு முளையிலிருந்தும் தனித்தனியே அளக்கவேண்டும், இரண்டு தூரமும் வெட்டும் புள்ளியில் பொருள். பிளாஸ்டிக் தாளில் பென்சிலால் எழுதினால் தண்ணீரில் அழியாது. அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே கரையில் பெரிய தாளில் ஏற்றிவிட வேண்டும், மறுநாள் வைத்தால் கை பொய் சொல்லும் என்பார் ஜானகியம்மாள். அவருக்கு நீந்தத் தெரியாது. ஆனால் படகின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருப்பார், கீழே போனவர்களின் நேரம் முழுக்க அவர் கணக்கில்தான். நேரமானால் கயிற்றை இழுப்பார். இன்னும் கொஞ்சம் என்று கீழே இருந்தவரை அவர் மன்னித்ததே இல்லை.

ஈயக்கட்டிகள் இரண்டு வரிசையாக அடுக்கியபடியே கிடந்தன. கப்பல் கவிழவில்லை, நேராக உட்கார்ந்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் சொன்னார்கள். வேலை முடியும் தறுவாயில் அர்த்தநாரி கடைசிக் கட்டியை அளந்துகொண்டிருந்தபோது அதற்கும் பலகைக்கும் நடுவே மணலைக் கையால் விசிறினார். கட்டையைப் போல ஒன்று, ஆனால் கட்டை இல்லை. மணல் கொஞ்சம் விலகியதும் முழங்கை தெரிந்தது. பிறகு விரல் எலும்புகள், பலகையின் மேல் விரித்து வைத்த மாதிரி. ஏதோ எட்டிப் பிடிக்கப் போனவர்மேல் வரிசையின் ஓரத்து ஈயம் சரிந்திருக்கிறது.

மேலே வந்து சொன்னார். அஞ்சப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“எடுத்துரலாமுங்களா?” என்று அர்த்தநாரி கேட்டார்.

ஜானகியம்மாள் மறுப்பாகத் தலையசைத்தார். “ஈயத்த எடுக்காம அவரை எடுக்க முடியாது. ஈயத்த எடுக்கத் தூக்குற ஏற்பாடு நம்மகிட்ட இல்ல. இழுத்தா ஒடஞ்சிரும். தெக்கத்திக் காத்து வேற ஆரம்பிச்சிருச்சு. வரைஞ்சுட்டு மூடிடுங்க. வர்ற மாசியில முறைப்படி எடுப்போம்.”

சரியான முடிவுதான். மண்ணில் புதைந்த மரம் நூற்றுக்கணக்கான வருஷம் இருக்கும், வெளியே தெரிந்தால் ஒரே வருஷத்தில் புழு தின்றுவிடும். எல்லாவற்றையும் மணலாலும் மணல் மூட்டைகளாலும் மூடினார்கள். அந்தக் கையை மூடும்போது அர்த்தநாரிக்கு வாய்க்குள் ஏதோ சொல்லவேண்டும்போல் இருந்தது. வாயில் காற்றுக் குழாய் இருந்தது.

மூடிவிட்டால் போதுமா? இழுவைப் படகுகள் இருந்தன. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் அவை வரக்கூடாது என்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் வந்துகொண்டுதான் இருந்தன. வலையின் வாயை அகட்டிப் பிடிக்க இரண்டு பக்கமும் இரும்பு பூட்டிய பலகைகள் தரையை உழுதுகொண்டே வரும். ஒரு தடவை மேலே ஏறினால் போதும், மூட்டை என்ன, பலகை என்ன. தண்ணீருக்குள் இருக்கும்போது தூரத்தில் அந்த இன்ஜின் சத்தம் கேட்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது, தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. நாலு பக்கமும் அதுதான்.

அப்போதுதான் அர்த்தநாரி அந்த யோசனையைச் சொன்னார். அவர் ஊரில் களத்தில் தானியத்தைக் குவித்து வைத்தால் குவியலின்மேல் சாணிப்பாலால் குறி போடுவார்கள். குறி போட்ட குவியலில் யாரும் கை வைக்கமாட்டார்கள், வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். “இடத்த மறைச்சு வெச்சாத்தானே தெரியாம வந்து ஏறுவானுங்க? மிதவை கட்டி செவப்புக் கொடி ஒண்ணு போட்டுருவோம். இங்க வேலை நடக்குது, அரசாங்கத்துதுன்னு தெரிஞ்சா ஒதுங்கிப் போயிருவானுங்க.”

அற்புதராஜ் சரி என்றார். ஜானகியம்மாளும் யோசித்துவிட்டுச் சரி என்றார். அஞ்சப்பன்தான், “கொடி போட்டா இழுவைக்காரன் வலைக்குப் பயந்து ஒதுங்குவான் சார், அது மெய்தான்” என்று இழுத்தார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. தாம் சொன்ன குறியைத் தாமே கட்டி, ஆடுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அர்த்தநாரி ஊருக்கு வந்திருந்தார்.

விருந்து முடிந்து மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் கடையிலேயே கிடந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் அந்தக் கட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேலையாளை அதன்மேல் உட்காரவிடவில்லை.

“மாப்ளை, பேசாம எந்திரிச்சு வாங்க” என்றார் மணியன். “ஒரு கட்டி உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க. ஊட்டுல வெச்சுக்கோங்க. அதுக்குன்னு துக்கம் விசாரிக்கற மாதிரி உக்கோந்தா வார்றவன் என்ன நெனைப்பான்?”

“மச்சான், எடுத்தவனுங்க இன்னும் வந்து எடுப்பானுங்க. பின்பாதிக் கப்பலு இன்னும் நாங்க தொறந்தே பாக்கல. அதையெல்லாம் நோண்டிருவானுங்க. அங்க ஒருத்தரு கெடக்கறாரு.”

“ஆரு?”

“பேரு தெரியலீங்க.”

மணியன் குரலைத் தாழ்த்தினார். “எப்பச் செத்தாரு?”

“இருநூறு வருசம் இருக்கும்.”

“அடங்கொப்புரானே!” மணியன் தலையில் கை வைத்துக்கொண்டார். “சாரதா! இங்க வந்து உன்ற ஊட்டுக்காரரப் பாரு. இருநூறு வருசத்துக்கு முன்னால செத்தவனுக்கு இங்க உக்கோந்து எழவு காத்துக்கிட்டிருக்கறாரு!”

சாரதாமணி சோற்றுத் தூக்குடன் அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் எதற்கும் அவசரப்படமாட்டாள். தூக்கை வைத்தாள். கட்டியைப் பார்த்தாள். “இதுக்கு அடியிலயா இருந்தாருங்க?”

“இதுக்கு அடியிலதான்.”

“அண்ணா, இத எங்க கொடுக்கோணுமோ அங்க கொடுத்துரு.”

“நல்லா இருக்குது! கொடுத்தா எங்கிருந்து வந்துச்சும்பான். வாங்கித்தான் உருக்கினேன்னு சொன்னா உள்ள தள்ளீருவான். கடைக்குப் பூட்டுப் போடுவான். அப்பறம் நீயும் உன்ற ஊட்டுக்காரரும் எனக்குச் சோறு போடுவீங்களா?”

“போடறோம்” என்றாள் சாரதாமணி. “இவரு திங்காத சோறு ஊட்டுல அப்படியேதான் கெடக்குது.”

மணியன் பல்லைக் கடித்தார். ஆனால் அந்தச் சாயங்காலமே உப்பு லாரி வந்தபோது அவரே பேச்சுக் கொடுத்தார். அர்த்தநாரி அடுப்படியில் மறைவாக நின்றார். அடுத்த தடவை எவ்வளவு சரக்கு வரும் என்று மணியன் கேட்டார். டிரைவர் கதவைத் திறந்துவைத்து, காலைத் தொங்கப்போட்டபடி சொன்னார்: “மொத்தமா எறக்கறோம்னு சொல்லீருக்கானுங்க அண்ணா. டயருக்குக் காத்தடிக்கிற மிஷின் ஒண்ணப் படகுல வெச்சு, குழாயக் கடிச்சிக்கிட்டு எறங்கறானுங்களாம். தேடற வேலையே இல்லியாம். எவனோ புண்ணியவான் செவப்புக் கொடி கட்டி வெச்சிருக்கானாம், நேரா அதுக்கு அடியில போனா மூட்டை போட்டு மூடி வெச்சிருக்குதாம். ‘மூட்டை போட்டு மூடறானுங்கன்னா உள்ள வெலை இருக்குதுன்னுதானே?’ன்னு சிரிக்கிறானுங்க.”

லாரி போன பிறகும் அர்த்தநாரி வெளியே வரவில்லை. மணியன் உள்ளே வந்து பார்த்தபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மணியன் முன்கோபக்காரர், ஆனால் மனுஷர். அந்தப் புண்ணியவான் யார் என்று கேட்கவில்லை. முகத்திலேயே எழுதியிருந்தது.

“காலையில போலாம்” என்றார். “எந்த ஆப்பீசுன்னு சொல்லுங்க.”

கடலில் உடைந்த கப்பலிலிருந்து எடுத்த பொருளை யார் வைத்திருந்தாலும் அதற்கென்று இருக்கிற அதிகாரியிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஜானகியம்மாளே துறைமுகத்துக்கு வந்து கூட நின்றார். தானாக வந்து கொடுத்தவர் என்று எழுத வைத்தார். மணியன் சிறைக்குப் போகவில்லை. ஆனால் வாக்குமூலம், சாட்சி என்று பல தடவை அலைந்தார். உப்பு லாரிக்காரர்கள் அவர் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். எடுத்த ஆட்களில் இரண்டு பேர் பிடிபட்டதாகச் சொன்னார்கள். அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மணியன், “என்ற மாப்ளைக்குச் சொந்தக்காரரு ஒருத்தரு கடல்ல இருக்கறாரு, அவருக்காகப் பண்ணினது” என்று சாரதாமணிக்குக் கேட்கும்படி சொல்வார்.

இனி இடத்தை எப்படிக் காப்பது? திருட்டுச் செய்தி கேட்ட அன்றே அஞ்சப்பன் கொடியை அறுத்துவிட்டிருந்தார். ஆனால் கொடி இல்லாவிட்டால் இழுவைப் படகு. குப்பத்தின் மணலில் உட்கார்ந்து பேசினார்கள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்று அர்த்தநாரி அஞ்சப்பனிடம் கேட்டார்.

“என்னத்தச் சொல்றது? இழுவைக்காரன் ஒதுங்குவான்னு நானும் நம்புனேன், ஒதுங்கவும்தான் செஞ்சான்.” அஞ்சப்பன் மணலைக் கிள்ளிப் போட்டார். “ஆனா கடலுல மிதவை கெடந்தா எங்களுக்கு ஒரே அர்த்தம்தான் சார். கீழ எவனோ ஒருத்தன் பொருள் இருக்கு. உங்க ஊருல குறின்னா தொடாதேன்னு. இங்க குறின்னா இங்கதான்னு.”

அற்புதராஜ்தான் கற்களைப் பற்றி ஆரம்பித்தார். கப்பலைச் சுற்றித் தள்ளி, ஆனால் இழுவை வலை கப்பலுக்கு வருவதற்கு முன்பே மாட்டும்படி, அடியில் கனமாக எதையாவது போட்டால்? மேலே எந்த அடையாளமும் தேவையில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மீனும் வந்து அடையும், குப்பத்துப் படகுகளின் தூண்டிலுக்கும் சின்ன வலைக்கும் அது நல்லது, இழுவைக்காரனுக்குத்தான் கெட்டது. அஞ்சப்பனின் முகம் அதைக் கேட்டதும் மாறியது. ஊர்க்கூட்டத்தில் பேசி வைக்கிறேன், எங்க கல்லு எங்க வலையக் கிழிக்காத மாதிரி இடம் காட்டுறேன் என்றார். இடம் வெளியே போகாது, அதை ஊர் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

கல்? அர்த்தநாரி ஊருக்குப் போனார். நாமக்கல் பக்கத்தில் காட்டுக்கு வேலி போடுவது கல்லுக்கால்களால். பாறையை உளியால் பிளந்து எடுத்த, ஆளுயரத்துக்கும் மேலான கருங்கல் கம்பங்கள். உடைந்ததும் கோணலானதும் குவாரியில் சும்மா கிடந்தன. மணியன் ஒரு லாரி பேசிவிட்டார். “கடலுக்கு வேலி போடறவங்க பரம்பரைல பொண்ணு கொடுத்திருக்கறமே” என்று அங்கலாய்த்தார்.

கல் போடுவதற்கு முன்பு ஒரு தடவை இறங்கிப் பார்க்கவேண்டும். புரட்டாசித் தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது. அர்த்தநாரி கயிற்றைப் பிடித்து இறங்கினார், பக்கத்தில் அற்புதராஜ். மணல் மூட்டைகள் கத்தியால் கிழிபட்டு வெறும் சாக்காகக் கிடந்தன. ஒரு முளை மட்டும் இருந்தது. அதிலிருந்து நாடாவைக் கட்டிக்கொண்டு, ஏப்ரலில் வரைந்த படத்தை மனதில் வைத்துத் தவழ்ந்து போனார். ஈயம் இருந்த இடத்தில் இரண்டு நீளமான பள்ளம். பலகைகளைக் கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள். உடைந்த முனைகள் புதுசாக, மஞ்சளாக இருந்தன. பள்ளத்தின் ஓரத்திலிருந்து பின்பாதிக்குப் போய்த் துழாவினார். அங்கே மணல் இன்னும் கெட்டியாக இருந்தது. கம்பியை இறக்கிப் பார்த்தால் ஆழத்தில் மரம் தட்டியது. பின்பாதியை அவர்கள் தொடவில்லை.

திரும்பி வந்தார். அளவு கணக்கில் அந்தக் கை இருந்த இடத்தில் முட்டி போட்டு நின்றார். பலகையே இல்லை. கையால் மெதுவாக விசிறினார், சேறு எழுந்தது, அடங்க வெகு நேரமானது, மறுபடி விசிறினார். விரலளவு எலும்பு ஒன்று கிடைத்தாலும் போதும் என்று நினைத்தார். பாரக்கல் ஒன்று, கல்லுக்கு அடியில் சிப்பி, சிப்பிக்கு அடியில் சேறு. அற்புதராஜ் தோளைத் தொட்டார். இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினார். மேலேயிருந்து கயிறு இழுபட்டது. மறுபடி இழுபட்டது.

படகில் ஏறியதும் திட்டு விழும் என்று இருந்தார். ஜானகியம்மாள் திட்டவில்லை. “இருக்காரா?” என்று மட்டும் கேட்டார். அர்த்தநாரி தலையைத் துவட்டுவது மாதிரி துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களில் கல்லுக்கால்களை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அஞ்சப்பன் கோபுரத்தையும் பனையையும் பார்த்துப் பார்த்துப் படகைத் தள்ளி நிறுத்த, ஜானகியம்மாள் ஒவ்வொரு கல்லுக்கும் கோணம் எடுத்தார். மழைக்கு முன்பே கிழிந்த இழுவை வலை ஒன்று அந்தக் கற்களில் மாட்டிக் கிடக்கிறது என்று அஞ்சப்பன் சந்தோஷமாகச் சொன்னார்.

கரையில் வாடகைக்குப் பிடித்திருந்த அறையில் அர்த்தநாரி புதுத் தாளை விரித்தார். பள்ளத்தின் விளிம்பு, உடைந்த பலகைகள், மிஞ்சிய முளை. பார்த்ததற்குக் கெட்டிக் கோடு. மண்ணுக்குள் இருக்கிறது என்று தெரிந்து கண்ணால் பார்க்காததற்குப் புள்ளிக் கோடு, பின்பாதி முழுக்க அப்படி வரைந்தார். படம் வரைகிறவனுக்கு இந்த இரண்டு கோடுதான் உண்டு. அந்தக் கை இருந்த இடம் வந்ததும் பேனா நின்றது. பார்த்தது, ஆனால் இப்போது இல்லை. அதற்கு எந்தக் கோடு?

வெகு நேரம் கழித்து, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் மெல்லியதாகப் புள்ளிகள் வைத்தார்.

ஜானகியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “அர்த்தநாரி, புள்ளிக் கோடு போட்டா அடியில இருக்குன்னு அர்த்தம். இருக்குன்னு என்ன ஆதாரம்?”

“இல்லைன்னும் ஆதாரம் இல்லீங்க அம்மா. எடுத்தவனுங்களுக்கு ஈயந்தான் வேணும். பலகைய நெம்பும்போது அவரு சேத்துக்குள்ள போயிருக்கலாம். இந்தத் தாளப் பாத்துட்டு நாளைக்கு எறங்கறவன் இங்க கொஞ்சம் பாத்துக் கை வெக்கோணும்.”

ஜானகியம்மாள் பென்சிலை எடுத்து அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு தாளின் மூலையில் பேனாவால் கையெழுத்திட்டு, மை உலரட்டும் என்று விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்.